தொட்டில் ஸ்பிரிங்கில் 6 கிலோ பை: புவியீர்ப்பு செய்த வேலையில் பாதி எங்கே போகிறது?

பெரம்பூர் அப்பா

மகள் பதினொன்றாம் வகுப்பு. வேலை, ஆற்றல் பாடம் நடக்கிறது. புத்தகத்தில் இருப்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று, அவளுக்குத் தொட்டில் கட்டிய பழைய ஸ்பிரிங்கைப் பரணிலிருந்து எடுத்தோம். ஹால் கொக்கியில் மாட்டி, கீழே ஒரு துணிப்பையில் 6 கிலோ அரிசி. கையில் தாங்கிப் பிடித்தபடி மெதுவாக இறக்கினோம். ஸ்பிரிங் 10 செ.மீ. நீண்டு நின்றது. தையல் டேப்பில் அளந்தது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்.

g-ஐ 10 என்றே வைத்துக்கொண்டோம். எடை 60 நியூட்டன், பை இறங்கிய தூரம் 0.1 மீட்டர், ஆக புவியீர்ப்பு செய்த வேலை 6 ஜூல். ஸ்பிரிங்குக்கு k = 60 / 0.1 = 600. அதை W = ½kx² என்பதில் போட்டால் 3 ஜூல்தான் வருகிறது. மீதி 3 ஜூல் எங்கே? பை அசையாமல் நிற்கிறது, அதனால் இயக்க ஆற்றலும் இல்லை. "அப்போ ஆற்றல் அழியாதுன்னு சொன்னதெல்லாம் என்னப்பா?" என்று கேட்கிறாள். நான் பி.காம். யாராவது கைகொடுங்கள்.

எலக்ட்ரிக் ட்ரெயின்

வெப்பம் சார். இது எப்போதும் இப்படித்தான். பாதி ஸ்பிரிங்குக்கு, பாதி வெப்பத்துக்கு. கெப்பாசிட்டரிலும் இதே கதை: பேட்டரி கொடுப்பது QV, கெப்பாசிட்டரில் சேருவது ½QV, மீதி கம்பி சூடாவதில் போய்விடும். இயற்கை வைத்த கமிஷன் என்று மகளிடம் சொல்லுங்கள்.

மாம்பலம் டியூஷன்

ட்ரெயின் தம்பி, நீங்கள் சொல்வது பையைத் தொங்கவிட்டுச் சட்டென்று கையை எடுத்திருந்தால் சரி. அப்போது பை 10 செ.மீ.யில் நிற்காது. அந்த இடத்தை வேகமாகத் தாண்டிக் கீழே போகும், திரும்ப மேலே வரும், கொஞ்ச நேரம் ஆடும். காற்றும் கொக்கி உராய்வும் கம்பியும் அந்த ஆட்டத்தைத் தின்று முடித்த பிறகுதான் நிற்கும். அந்த வழியில் மீதி ஆற்றல் வெப்பமாகத்தான் போகிறது.

ஆனால் பெரம்பூர் சார் கையில் தாங்கி இறக்கியதாக எழுதியிருக்கிறார். அங்கே வெப்பம் ஆவதற்கு ஆட்டமே இல்லை. மீதியை வாங்கிக்கொண்டது அவருடைய கை. பை கீழே போகும்போது கை மேல்நோக்கித் தாங்குகிறது. விசை ஒரு பக்கம், நகர்வு எதிர்ப்பக்கம் என்பதால் கை செய்த வேலை எதிர்க்குறி. புவியீர்ப்பு கொடுத்ததில் ஒரு பங்கை ஸ்பிரிங் எடுத்துக்கொள்கிறது, ஒரு பங்கைக் கை எடுத்துக்கொள்கிறது.

இதை அளந்தே காட்டலாம் சார். விமானத்துக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் லக்கேஜ் தராசு இருக்கிறதா? பையின் கைப்பிடியை அதில் மாட்டி, வெறுங்கைக்குப் பதிலாகத் தராசால் தாங்கி இறக்குங்கள். ஸ்பிரிங் நீள ஆரம்பிக்கும் இடத்தில், 5 செ.மீ.யில், 10 செ.மீ.யில் தராசு என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். உங்கள் கணக்குப்படி பார்த்தால் 6 கிலோவில் தொடங்கி, நடுவில் 3, கடைசியில் 0 என்று வரவேண்டும். அந்த இறங்குகோட்டுக்குக் கீழே இருக்கும் முக்கோணத்தின் பரப்புதான் காணாமல்போன 3 ஜூல்.

ராயபுரம் பாட்டி

எனக்கு ஜூல் எல்லாம் தெரியாதுப்பா. ஆனா தொட்டில் ஸ்பிரிங் என்றதும் வந்தேன். பேரனுக்கு ஏழு மாதம், எடை இப்போது ஏழு கிலோ இருக்கும். மருமகள் அவனைத் தொட்டிலில் போட்டதும் தரை வரைக்கும் போய் முட்டிவிட்டு மேலே வருகிறது. நான் போட்டால் அப்படி ஆவதில்லை. ஸ்பிரிங் போய்விட்டதா, புதுசு வாங்கணுமா?

மாம்பலம் டியூஷன்

அம்மா, ஸ்பிரிங் போயிருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு குழந்தையை இறக்கிவிட்டு, கடைசியில்தான் கையை எடுப்பீர்கள். உங்கள் மருமகள் வைத்தவுடன் விட்டுவிடுகிறார் போலிருக்கிறது. அப்படி விட்டால், கடைசியில் எவ்வளவு தொங்கி நிற்குமோ ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு கீழே போய்த்தான் திரும்பும். மெதுவாக விட்டால் 10 செ.மீ. இறங்குகிற தொட்டில், சட்டென்று விட்டால் 20 செ.மீ. இறங்கும். தரைக்கும் தொட்டிலுக்கும் நடுவே அந்த இடம் இல்லையென்றால் முட்டத்தான் செய்யும். கயிற்றை ஒரு சாண் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

அம்பத்தூர் பட்டறை

டியூஷன் சார், பாட்டிக்குச் சொன்னது சரி. பெரம்பூர் சாருக்குச் சொன்ன 6, 3, 0 வராது, பாருங்கள். நான் ஸ்பிரிங் சுற்றுகிற வேலையில் இருக்கிறேன்.

பெரம்பூர் சார், இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, எடை எதுவும் இல்லாதபோது ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கிறதா, நடுவே சந்து இருக்கிறதா? இரண்டு, ஒரே ஒரு எடையை மட்டும் வைத்து k எடுத்திருக்கிறீர்கள். 1, 2, 3 கிலோ என்று ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நீட்சி என்ன என்று எழுதுங்கள்.

பெரம்பூர் அப்பா

சுற்றுகள் நன்றாக ஒட்டித்தான் இருக்கின்றன. விரல் நகம்கூட நுழையவில்லை. மற்றதை இரவு பார்க்கிறோம்.

சும்மா படிப்பவன்

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. அந்த அரை எங்கிருந்து வருகிறது என்பதற்கு எங்கள் வாத்தியார் "விசை 0-வில் தொடங்கி kx வரை போகிறது, சராசரி ½kx, அதை x-ஆல் பெருக்கு" என்று முடித்துவிட்டார். தொகையிடலே வேண்டாம் என்றார். இது போதுமா?

மாம்பலம் டியூஷன்

நேர்விகிதத்தில் ஏறும் ஸ்பிரிங்குக்குப் போதும். ஆனால் எதன் மீது எடுத்த சராசரி என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் விசை என்ன என்று எழுதி எடுத்த சராசரி அது. ஒவ்வொரு வினாடியிலும் என்ன என்று எழுதி எடுத்தது அல்ல.

பையைச் சட்டென்று விட்ட கதையையே பாருங்கள். முதலில் அது மெல்லக் கிளம்புகிறது, அப்புறம் வேகம் பிடிக்கிறது. ஸ்பிரிங் கொஞ்சமாக நீண்டிருக்கும் இடங்களில் அதிக நேரம் கழிகிறது, சமநிலைப் புள்ளியைக் கடக்கும் பக்கத்தில் குறைந்த நேரம். அதனால் சமநிலைப் புள்ளி வரைக்குமான நேரச் சராசரி எடுத்தால் கடைசி விசையில் பாதி வராது, ஏறக்குறைய 36 சதவீதம்தான் வரும். அதைத் தூரத்தால் பெருக்கி வேலை என்று எழுதினால் தப்பு. கேள்வித்தாளில் வேகமாக இழுத்தான், மெதுவாக இழுத்தான் என்று குழப்பினாலும் ஸ்பிரிங்குக்குள் சேருவது நீட்சியை மட்டும் பொறுத்தது.

ரப்பர் பேண்டுக்கு இந்தச் சராசரி வித்தையே செல்லாது. அதன் கோடு நேராக இருக்காது. இழுக்கும்போது போகும் வழி ஒன்று, விடும்போது வரும் வழி வேறொன்று.

எலக்ட்ரிக் ட்ரெயின்

நேர்விகிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676இல் நேராகச் சொல்லாமல் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக வெளியிட்டார். ceiiinosssttuv என்று. விடையை 1678இல்தான் சொன்னார். யாரும் திருடிவிடக் கூடாதாம். நம் ஊர் டியூஷன் சென்டர் நோட்ஸ் மாதிரி.

பெரம்பூர் அப்பா

மகள் எழுதுகிறாள், என் ஐடிதான்:

அளந்தோம் அங்கிள். ஒரு கிலோ அரிசி பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டோம். 1 கிலோவுக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. 2 கிலோவுக்கும் ஏறக்குறைய இல்லை, சுற்றுகள் பிரிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டரை செ.மீ. ஏறியது. 4 கிலோவுக்கு 5, 6 கிலோவுக்கு 10, 8 கிலோவுக்கு 15-க்கு ஒரு நூல் குறைவு.

லக்கேஜ் தராசும் வைத்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் வாங்கினோம். பையை முழுக்கத் தராசில் தாங்கும்போது 6 கிலோ. பிடியைத் தளர்த்தத் தளர்த்தத் தராசு 4-க்கு வரும் வரை ஸ்பிரிங் நகரவே இல்லை! அங்கிருந்துதான் இறங்க ஆரம்பித்தது. 5 செ.மீ.யில் 2 கிலோ, 10 செ.மீ.யில் 0. அம்பத்தூர் அங்கிள் சொன்ன மாதிரியே 6, 3, 0 வரவில்லை. ஏன்?

அம்பத்தூர் பட்டறை

நல்லா அளந்திருக்கம்மா. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

இழுக்கிற ஸ்பிரிங் சுற்றும்போது கம்பியைக் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தே சுற்றுவோம். அதனால் சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு உட்காரும். வெளியிலிருந்து இழுக்கிற விசை அந்த அழுத்தத்தைத் தாண்டும் வரைக்கும் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. பட்டறையில் இதை இனிஷியல் டென்ஷன் என்போம். உன் ஸ்பிரிங்கில் அது 2 கிலோ எடை, அதாவது 20 நியூட்டன். அதைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்காக ஏறுகிறது: கூட 10 நியூட்டன் கொடுத்தால் கூட இரண்டரை செ.மீ. ஆக உண்மையான k 400. அப்பா போட்ட 600 ஸ்பிரிங்குடைய எண் இல்லை. 6 கிலோவுக்கான புள்ளியையும் பூஜ்யத்தையும் சேர்த்துக் கோடு போட்டதால் வந்த எண். வேறு எடையை வைத்து எடுத்திருந்தால் k வேறாக வந்திருக்கும். 4 கிலோவுக்கு 800, 8 கிலோவுக்கு 530 சொச்சம். எடைக்கு ஒரு k வந்தாலே கோடு பூஜ்யம் வழியாகப் போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

பள்ளிக்கூட லேபில் கொடுப்பது சுற்றுகளுக்கு நடுவே சந்து விட்ட மெல்லிய ஸ்பிரிங், இல்லையென்றால் தட்டின் எடையே அந்த முதல் அழுத்தத்தை எடுத்துவிட்டிருக்கும். அதனால் அங்கே இது கண்ணில் படாது. தொட்டில் ஸ்பிரிங், கதவு இழுக்கும் ஸ்பிரிங், பைக் ஸ்டாண்ட் ஸ்பிரிங் எல்லாம் இப்படி ஒட்டிச் சுற்றியவை.

மாம்பலம் டியூஷன்

பட்டறை அண்ணன் சொன்ன பிறகு கணக்கு அழகாக உட்காருகிறது. பாப்பா, இப்போது வரைபடத்தாள் எடு. குறுக்கே நீட்சி, மேலே விசை. கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை, 20-இல் தொடங்கி 10 செ.மீ.யில் 60-க்குப் போகிறது. ஸ்பிரிங் மீது செய்த வேலை அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அதில் ஒரு செவ்வகம் இருக்கிறது, அதன் தலைமேல் ஒரு முக்கோணம்.

செவ்வகம்: 20 × 0.1 = 2 ஜூல்.
முக்கோணம்: ½ × 400 × 0.1² = 2 ஜூல்.

ஆக ஸ்பிரிங்கை நீட்டியதில் 4 ஜூல். புவியீர்ப்பு கொடுத்தது 6. மீதி 2 ஜூல்தான், 3 அல்ல. அந்த 2 ஜூலும் உன் தராசில் அப்படியே இருக்கிறது: 40 நியூட்டனில் தொடங்கி 0-வில் முடிந்த விசை, சராசரி 20, தூரம் 0.1. கை வாங்கிக்கொண்டது 2 ஜூல். கணக்குத் தீர்ந்தது.

ட்ரெயின் தம்பி கவனிக்க: "எப்போதும் சரி பாதி" என்பது இங்கே மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கோடு பூஜ்யத்தில் தொடங்கினால் மட்டுமே பாதி. உங்கள் கெப்பாசிட்டரிலும் மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறுவதால்தான் பாதி வருகிறது. ஏற்கெனவே கொஞ்சம் சார்ஜ் இருக்கும் கெப்பாசிட்டரை அதே பேட்டரியில் மாட்டினால், பேட்டரி கொடுப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் வீணாகும்.

எலக்ட்ரிக் ட்ரெயின்

கெப்பாசிட்டர் விஷயம் சரி. ஆனால் கை வாங்கிக்கொண்டது என்கிறீர்களே, கை அந்த 2 ஜூலை எங்கே வைத்திருக்கிறது? கடைசியில் தசையில் வெப்பம்தானே? சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்.

மாம்பலம் டியூஷன்

தசையில் வெப்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது கட்டாயம் இல்லை. கைக்குப் பதில் ஒரு கப்பி போட்டு, மறுபக்கம் மணல் பை கட்டி, இறங்க இறங்க மணலை ஒவ்வொரு உயரத்திலும் பக்கத்துத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வந்தால் அந்த 2 ஜூல் மேலே ஏறிய மணலில் உட்கார்ந்திருக்கும். வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். சட்டென்று விட்டு ஆடவைத்தால் எடுக்க முடியாது.

சும்மா படிப்பவன்

சட்டென்று விட்டால் இரண்டு மடங்கு என்று பாட்டிக்குச் சொன்னது இந்த ஒட்டிய ஸ்பிரிங்குக்கும் பொருந்துமா? இப்போது கோடே மாறிவிட்டதே.

மாம்பலம் டியூஷன்

பொருந்தும். 20 செ.மீ. போனால் புவியீர்ப்பு கொடுத்தது 60 × 0.2 = 12 ஜூல். ஸ்பிரிங் எடுத்தது செவ்வகம் 4, முக்கோணம் 8, மொத்தம் 12. இரண்டும் சமம், ஆக அங்கேதான் ஒரு கணம் நின்று திரும்பும். நீட்சி இரண்டு மடங்கு என்பது மாறாது.

மாறுவது அடியில் ஸ்பிரிங் இழுக்கும் விசை. ஒட்டாத ஸ்பிரிங்காக இருந்தால் எடையின் இரண்டு மடங்கு, 120 நியூட்டன். இதில் 20 + 400 × 0.2 = 100 நியூட்டன்தான். குழந்தைக்கு உதறல் கொஞ்சம் குறைவு. அதனால்தான் அப்படிச் சுற்றுகிறார்களா என்பதைப் பட்டறை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. முதல் 10 செ.மீ.க்கு 4 ஜூல், அடுத்த 10 செ.மீ.க்கு 8 ஜூல். பாடப்புத்தக ஸ்பிரிங்கில் இந்த விகிதம் ஒன்றுக்கு மூன்று. தேர்வில் மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். "10 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ. வரை" என்று கேட்டால் ½k(0.1)² என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு முனைகளின் வர்க்கத்தைத் தனித்தனியாக எடுத்துத்தான் கழிக்க வேண்டும், வித்தியாசத்தை வர்க்கப்படுத்தக் கூடாது.

அம்பத்தூர் பட்டறை

உதறலுக்காக இல்லை சார். சுற்றுகள் ஒட்டி இருந்தால் ஸ்பிரிங் குட்டையாக இருக்கும், சும்மா தொங்கும்போது தொளதொளவென்று ஆடாது, துணியும் விரலும் நடுவே போய்ச் சிக்காது. நீங்கள் சொன்னது கூடவே கிடைக்கிற லாபம்.

பெரம்பூர் அப்பா

மகள்:

k 400-ஆ 600-ஆ என்று வேறு வழியில் சரிபார்த்தேன். 6 கிலோ பையை லேசாக ஆட்டிவிட்டு 20 ஆட்டத்துக்கு போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்தேன். பதினைந்தரைக்கும் பதினாறுக்கும் நடுவில் வருகிறது. T = 2π√(m/k) போட்டால் k 400-க்கு 15.4 வினாடி, 600-க்கு 12.6. ஆக 400-தான். ஆனால் கொஞ்சம் கூடவே வருகிறதே, என் கை தாமதமா?

மாம்பலம் டியூஷன்

சபாஷ். கை தாமதம் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அதனால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். ஸ்பிரிங்குக்கும் எடை உண்டு இல்லையா? ஆடும்போது அதுவும் கூடவே ஆடுகிறது. மேல் நுனி அசையாது, கீழ் நுனி பையோடு ஆடும். மொத்தத்தில் ஸ்பிரிங் எடையில் மூன்றில் ஒரு பங்கை m-உடன் சேர்த்துப் போட வேண்டும். ஸ்பிரிங்கைத் தராசில் வைத்துப் பார். அரை கிலோ பக்கம் இருந்தால் உன் நேரம் சரியாகப் பொருந்திவிடும்.

ஆட்டம் மட்டும் சின்னதாக இருக்கட்டும். மேலே வரும்போது சுற்றுகள் மூடி "டக்" என்று தட்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது.

அப்புறம் இதைக் கவனித்தாயா? 20 நியூட்டன் முன் அழுத்தத்தை 400-ஆல் வகுத்தால் 5 செ.மீ. அதாவது உன் ஸ்பிரிங், ஏற்கெனவே 5 செ.மீ. இழுத்துப் பிடித்துவைத்த ஒரு சாதாரண ஸ்பிரிங் மாதிரி நடந்துகொள்கிறது. 5-லிருந்து 15 வரை இழுத்த வேலை ½ × 400 × (0.15² − 0.05²) = 4 ஜூல். செவ்வகமும் முக்கோணமும் கொடுத்த அதே எண். ஆக அந்த முதல் 5 செ.மீ.க்கான அரை ஜூல், பரணில் கிடந்த காலம் முழுக்க ஸ்பிரிங்குக்குள் பூட்டிக் கிடந்திருக்கிறது.

அம்பத்தூர் பட்டறை

இந்தக் கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்துகொள்வது அப்படித்தான், சரி. ஆனால் உள்ளே சரியாக அரை ஜூல் இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? குளிராகச் சுற்றிய கம்பிக்குள் இழுவையும் அழுத்தமும் கலந்து கிடக்கும். சுற்றி முடித்ததும் சூடு காட்டுவோம், அப்போது அதில் ஒரு பகுதி இறங்கும், முன் அழுத்தமும் கொஞ்சம் குறையும். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு மிச்சம் என்று வெளியே இழுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாம்பலம் டியூஷன்

வெளியிலிருந்து எடுக்கக்கூடிய பங்கைத்தான் சொல்கிறேன். சுற்றுகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் போக முடிந்திருந்தால் ஸ்பிரிங் இன்னும் 5 செ.மீ. சுருங்கி அந்த அரை ஜூலைக் கொடுத்திருக்கும். கம்பிக்குள் மற்றபடி அடைபட்டிருப்பது தனிக் கணக்கு.

அம்பத்தூர் பட்டறை

ஊடுருவிப் போக முடியாதே சார். முடியாத வழியில் எடுக்கக்கூடியது என்று சொன்னால் எப்படி? ஸ்பிரிங்கை நீளவாக்கில் பிரித்து, ஒன்றுவிட்டு ஒரு சுற்றை எடுத்துவிட்டால் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள், வெட்டினால் அது வேறு ஸ்பிரிங்.

ராயபுரம் பாட்டி

கயிற்றை ஏற்றிக் கட்டினோம், இப்போது முட்டவில்லை. ஆனா பட்டறைத் தம்பி, ஸ்பிரிங் போய்விட்டதா இல்லையா என்று நான் எப்படிப் பார்ப்பது? அதை யாருமே சொல்லவில்லை.

அம்பத்தூர் பட்டறை

அம்மா, தொட்டிலை அவிழ்த்துவிட்டு வெறும் ஸ்பிரிங்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றுகளுக்கு நடுவே எங்கேயாவது வெளிச்சம் தெரிந்தால், இல்லை பஸ் டிக்கெட் மாதிரி மெல்லிய தாள் நுழைந்தால், அது அளவுக்கு மீறி நீண்டு பழைய இடத்துக்குத் திரும்பாமல் போய்விட்டது. அப்புறம் டியூஷன் சார் போட்ட எந்தக் கணக்கும் அதற்குப் பொருந்தாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், இரண்டு நுனியிலும் வளைத்திருக்கும் கொக்கி. சுற்றுகள் முறுக்கத்தைத்தான் தாங்குகின்றன, கொக்கி வளைவு அதோடு சேர்த்து வளைப்பையும் தாங்குகிறது. இந்த மாதிரி ஸ்பிரிங் உடைந்தால் பெரும்பாலும் அந்த வளைவில்தான் உடையும். துரு, கீறல், கம்பி மெலிந்த மாதிரி எது தெரிந்தாலும் புதுசுதான். எப்படி இருந்தாலும் ஸ்பிரிங்குக்கு உள்ளேயோ பக்கத்திலேயோ ஒரு தடித்த கயிற்றைத் தளர்வாக விட்டு, மேல் கொக்கிக்கும் தொட்டிலுக்கும் கட்டிவையுங்கள். ஸ்பிரிங் முழுக்க நீள்கிற அளவுக்குக் கயிற்றில் தளர்வு இருக்கட்டும், ஆனால் தொட்டில் தரையைத் தொடும் அளவுக்கு வேண்டாம்.

பெரம்பூர் அப்பா

அனைவருக்கும் நன்றி. மகள் வரைபடத்தாளில் செவ்வகத்தையும் முக்கோணத்தையும் வெவ்வேறு நிறத்தில் தீட்டி வைத்திருக்கிறாள். வகுப்பில் காட்டப்போகிறாளாம். தேர்வில் ½kx² மட்டும் எழுதினால் போதுமா, இதையும் எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா என்பது எனக்கு அடுத்த கவலை.

இப்போது 8 கிலோ பையைச் சட்டென்று விட்டு, போனில் ஸ்லோமோஷன் எடுத்து 30 செ.மீ. போகிறதா என்று பார்க்க வேண்டுமாம். விடலாமா?

அம்பத்தூர் பட்டறை

விடாதீர்கள் சார். அடியில் 140 நியூட்டன் வரும், அதாவது 14 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. நீங்கள் அளந்தது 8 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேலே கோடு நேராகவே போகிறதா என்று யாருக்கும் தெரியாது, பரணில் எத்தனை வருடம் கிடந்தது என்றும் எழுதவில்லை. 4 கிலோவில் விடச் சொல்லுங்கள். 10 செ.மீ. வந்தால் அதே கணக்குதான். கீழே தலையணை போட்டுவிட்டு, எல்லோரும் தள்ளி நின்று எடுங்கள். முடிந்ததும் மறக்காமல் சுற்றுகளுக்கு நடுவே தாள் நுழைகிறதா என்று பாருங்கள்.

எலக்ட்ரிக் ட்ரெயின்

4 கிலோவுக்கு விசை 20-லிருந்து 40 வரைதான். புவியீர்ப்பு 2 ஜூல், ஸ்பிரிங் 1.5, மீதி அரை. கால் பங்கு! எடையைக் குறைக்கக் குறைக்கக் கமிஷனும் குறைகிறதே. 2 கிலோ தொங்கவிட்டால் கமிஷனே இல்லை, வேலையும் இல்லை.